ஐப்பசிச் சஷ்டிக்குப் பிறந்தவன்

செந்திலுக்கு இரண்டு பிறந்தநாள். (பெயர் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த நாளில் பிறந்தவனுக்கு எங்கள் பக்கம் இதற்கு அருகில்தான் ஏதாவது பெயர் வைப்பார்கள்.) ஒன்று ஜூன் 1. ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், ஃபேஸ்புக் எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். 1985இல் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப் போனபோது தலைமையாசிரியர் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டுவிட்டான். கணக்குப்படி ஐந்து வயதாக ஆறு மாதம் குறைந்தது. அவரே ஜூன் 1 என்று எழுதி ஐந்தாக்கிவிட்டார். நாற்பதைத் தாண்டிய ஆட்களில் ஜூன் முதல் வாரத்தில் பிறந்தவர்கள் ஏன் இவ்வளவு பேர் என்று யாராவது யோசித்திருந்தால், பாதிப் பேர் இப்படிப் பேனாவுக்குப் பிறந்தவர்கள்.

இன்னொன்று அவன் அம்மா வைத்திருந்த பிறந்தநாள். ஐப்பசி வளர்பிறைச் சஷ்டி, சூரசம்ஹாரத்தன்று. அவர்கள் ஊர் உடன்குடிப் பக்கம். திருச்செந்தூர் எட்டும் தூரம். ஆறு நாள் விரதத்தின் கடைசி நாளில் வலி எடுத்து, கடற்கரையில் சூரன் விழுந்த நேரத்துக்குச் சற்றுப் பிறகு இவன் பிறந்ததாக அம்மா சொல்வார்கள். இங்கிலீஷ் தேதி என்ன என்று அவர்கள் கவலைப்பட்டதே இல்லை. சஷ்டி வருடா வருடம் இடம் மாறும், அவன் பிறந்தநாளும் கூடவே மாறும். ஒரு வருடம் அக்டோபர் கடைசியில் வரும், ஒரு வருடம் நவம்பர் நடுவில் வரும்.

ஒன்பது வருடம் பேசாமல் இருந்த ஒருவனுக்கு 2024இல் நான் அனுப்பிய வாழ்த்து பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த இரண்டு தேதிகளைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்சனில் நாலு வருடம் ஒரே அறையில் இருந்தோம், 2003 முதல் 2007 வரை. மூன்று கட்டில், ஒரு ஜன்னல், ஓடினால் கட்டில் அதிரும் ஒரு ஃபேன். மூன்றாவது கட்டிலில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நாங்கள் இருவர் மட்டும் நிரந்தரம். அவன் மருந்து கம்பெனியில் பிரதிநிதி, நான் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதினேன். மேன்சனில் மேனேஜர் மேசை மேல் ஒரு போன் இருக்கும். சூரசம்ஹாரத்தன்று காலை ஆறரை மணிக்கெல்லாம் அது அடிக்கும். மேனேஜர் படிக்கட்டுக்குக் கீழே நின்று, “முப்பத்திரெண்டு! ஊர்லேருந்து போன்!” என்று கத்துவார். செந்தில் லுங்கியைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடுவான். அம்மா பக்கத்து வீட்டு போனிலிருந்து பேசுவார்கள். “இன்னைக்கு சஷ்டில்லா, தலைக்குக் குளிச்சியா? கோயிலுக்குப் போயிட்டு வேலைக்குப் போ.” ஒரு தடவை அவன் வெளியூரில் இருந்தபோது அந்த போனை நான்தான் போய் எடுத்தேன். “அப்போ நீ குளிச்சிட்டுப் போயா. அவனுக்காகக் கும்பிட்டுட்டு வா” என்றார்கள். நான் கந்தகோட்டம் போய்விட்டுத்தான் அலுவலகம் போனேன்.

ஜூன் 1 அன்று அவனுக்கு நாங்கள் யாரும் வாழ்த்துச் சொன்னது கிடையாது. சொன்னால், “அது பொய்ப் பிறந்தநாளுலே, சர்டிபிகேட்டுக்குப் போய்ச் சொல்லு” என்பான்.

துட்டிக்குப் போகாதவன்

சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டையாக இருந்தால் எளிது, யாராவது ஒருவர் இறங்கி வந்தால் முடிந்துவிடும்.

கல்யாணம் ஆனது, அவன் தூத்துக்குடிக்கு மாற்றல் வாங்கிப் போனான், நான் சைதாப்பேட்டையில் ஆற்றுக்கு நாலு தெரு தள்ளித் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தேன். மாதத்துக்கு ஒரு போன் இரண்டு மாதத்துக்கு ஒன்றானது. அது எல்லோருக்கும் ஆவதுதான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அடையாறு வீட்டுக்குள் வந்தது. இடுப்பளவு தண்ணீர். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனோம், மறுநாள் அங்கிருந்து பெரம்பூரில் சொந்தக்காரர் வீட்டுக்கு. என் போன் தண்ணீரில் போய்விட்டது. நாலைந்து நாள் கழித்து வேறொரு பழைய போனில் சிம்மைப் போட்டபோது குறுஞ்செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒன்று செந்திலுடையது. “அம்மா இறந்துட்டாங்க. இன்னைக்கு சாயங்காலம் 4 மணிக்கு எடுக்கோம்.” தேதி டிசம்பர் 2.

நகர வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வராதவனை மன்னிப்பார்கள். ஒரு மாதம் கழித்து வந்து மொய் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போகலாம். துட்டிக்கு, அதாவது இழவுக்கு, வராதவன் கணக்கு வேறு. எடுக்கும்போது வர முடியவில்லையென்றால் பதினாறுக்குள் நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வர வேண்டும். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமே இல்லை, போய் உட்கார வேண்டும். போனில் கேட்பது கேட்காததைவிட ஒரு படி கீழே. அதனால் அன்றைக்கு நான் போன் போடவில்லை. நேரில் போகிறவன் எதற்குப் போன் போட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

முதல் பத்து நாளுக்கு என்னிடம் வலுவான காரணம் இருந்தது. ரயில்கள் ரத்து, விமான நிலையமே மூடிக் கிடந்தது, வீட்டில் முழங்கால் உயரம் சேறு. யாரும் கேள்வி கேட்க முடியாத காரணம். பதினாறாம் நாள் டிசம்பர் 17. அதற்குள் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் கிளம்பியிருக்கலாம். மெத்தையைக் காயப்போட வேண்டும், பீரோவை மாற்ற வேண்டும், அலுவலகத்தில் நனைந்த லெட்ஜர்களைப் பிரித்து விசிறிக்கடியில் வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்தது. பொங்கல் முடிந்து போகலாம் என்று நினைத்தேன். பொங்கலன்று சரி, ஒரு வாழ்த்தாவது சொல்லலாம் என்று போனை எடுத்தால், துட்டி வீட்டுக்குப் பொங்கல் வாழ்த்து சொல்லக் கூடாதே. அந்த வருடம் முழுக்க அவர்களுக்குப் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கும் அதே கதை. மனிதர்கள் சும்மா ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுவதற்கு வைத்திருக்கும் சாக்குகள் எல்லாமே நல்ல நாட்கள்தான் என்பது அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நேரடியாக விஷயத்தைப் பேசுவது மட்டும். விஷயமோ ஒவ்வொரு மாதமும் கனத்துக்கொண்டே போனது. ஒரு வருடம் கழித்துப் போய், “அம்மா எப்படி இறந்தாங்க?” என்று எப்படிக் கேட்பது?

ஜூன் 1க்கு அனுப்பியவை

நான் முயற்சியே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2017இல் ஃபேஸ்புக் நினைவூட்டியது, செந்திலுக்கு இன்று பிறந்தநாள், வாழ்த்துங்கள் என்று. ஜூன் 1. பொய்த் தேதி என்று தெரிந்தே ஒரு கேக் படத்தோடு வாழ்த்தினேன். எனக்கு மேலே எண்பது பேர், கீழே அறுபது பேர். எல்லோருக்கும் போட்ட மாதிரியே எனக்கும் “நன்றி நண்பா” என்று போட்டிருந்தான். அவனா போட்டான், அவன் கட்டைவிரல் போட்டதா என்று தெரியாது. அந்த “நண்பா”தான் உறுத்தியது. மேன்சனில் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

2019 ஜூன் 1 அன்று வாட்ஸப்பில் பழைய எண்ணுக்கு அனுப்பினேன். “பிறந்தநாள் வாழ்த்துகள். எப்படி இருக்கே? ரொம்ப நாளாச்சு.” பத்து நிமிடத்தில் பதில். “நீங்க யாரு? எனக்கு பொறந்தநாள் தையிலதான்.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் யாரோ ஒரு அம்மா, மடியில் பேரக் குழந்தை. அவன் எண்ணை விட்டு எத்தனையோ நாள் ஆகியிருக்கிறது. பயன்படுத்தாத எண் துண்டிக்கப்பட்டால் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்து, அப்புறம் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பழைய எண்ணுக்குப் பேசுகிறவர்கள் செய்தி அனுப்பும் முன் அந்த வட்டப் படத்தை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கும்பிடும் கை போட்டார். அன்றைக்கு எனக்கு ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் அனுப்பினேன், எண் மாறிவிட்டது, நான் என்ன செய்ய. இன்னொரு ஐந்து வருடத்துக்கு அந்தச் சாக்கு தாங்கியது.

புது எண் கிடைக்காமல் இல்லை. மூன்றாவது கட்டிலில் கொஞ்ச காலம் இருந்த ஒருவர் 2022இல் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கொடுத்தார். “நீங்க கேட்டதாச் சொல்லவா?” என்றார். வேண்டாம் என்றேன். எண்ணைச் சேமித்துவைத்து இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது என்னுடைய தனி வியாதி என்று நினைத்திருந்தேன். 2024இல் லாரா அக்னின், ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரம் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதை வைத்தே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்பு விட்டுப்போன நண்பர் ஒருவரை ஆட்களிடம் நினைக்கச் சொன்னார்கள். பேச விருப்பமும் இருக்க வேண்டும், அவர் சந்தோஷப்படுவார் என்ற நம்பிக்கையும் இருக்க வேண்டும், எண்ணும் கையில் இருக்க வேண்டும். செய்தி எழுத நேரமும் கொடுத்து, எழுதியதும் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பழைய நண்பருக்கு எழுத ஒருவர் எவ்வளவு தயாராக இருக்கிறார் என்று பார்த்தால், முன்பின் தெரியாதவரிடம் பேசவும் கீழே கிடக்கும் குப்பையைப் பொறுக்கவும் எவ்வளவு தயாரோ அவ்வளவுதானாம். படித்ததும் சிரித்தேன். அதிலேயே இன்னொரு விஷயமும் இருந்தது. செய்திக்கு முன் மூன்று நிமிடம், இப்போது பழக்கத்தில் இருக்கும் ஆட்களுக்குச் சும்மா நாலு வரி அனுப்பிவிட்டுவரச் சொன்னபோது, பழைய நண்பருக்கு அனுப்பியவர்கள் பாதிக்கு மேல் ஆகிவிட்டார்கள். அறிவுரை எதுவும் வேலை செய்யவில்லை, கை பழகியது வேலை செய்தது. இதற்கு இரண்டு வருடம் முன்னால் பெக்கி லியு என்பவரும் சிலரும் செய்த ஆய்வு வாங்கிக்கொள்கிறவர் பக்கம் நின்று பார்த்தது. அனுப்புகிறவர் நினைப்பதைவிட வாங்குகிறவர் அதிகம் சந்தோஷப்படுகிறார், எதிர்பாராமல் வந்தால் இன்னும் அதிகம் என்பது அதன் முடிவு.

ஆனால் அங்கே கேட்ட நண்பர்களில் துட்டிக்குப் போகாதவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு விடவில்லை.

நவம்பர் 7, வியாழக்கிழமை

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரைக் கிழிப்பது என் வேலை. அன்றைக்குக் காலை 6ஆம் தேதித் தாளைக் கிழித்தேன். 7ஆம் தேதித் தாளில் சின்ன வேல் படம் போட்டு “சூரசம்ஹாரம்” என்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் இருப்பதுதான். அதற்குமுன் எட்டு வருடம் அதைக் கிழித்துக் கடந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும், இன்று காலை அவனுக்கு யார் போன் செய்திருப்பார்கள் என்று தோன்றியது. உலகத்தில் அவன் பிறந்தநாள் இன்றைக்கு என்று தெரிந்த ஆள் எத்தனை பேர்? அவன் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அக்கா இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மனைவி, பிள்ளைகள் ஜூன் 1க்குத்தான் கேக் வெட்டுவார்கள், ஃபேஸ்புக்கில் பார்த்திருக்கிறேன். அப்புறம் நான்.

கிழித்த தாள் கையில் இருக்கும்போதே எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதியது இப்படிப் போனது. “செந்தில், உன்னிடம் பேச எனக்கு முகம் இல்லை. அம்மா இறந்தபோது நான் வரவில்லை. அப்போது வெள்ளம். ஆனால் அதற்கப்புறமும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் நினைப்பேன்…” பதினான்கு வரி வந்தது. படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனாலும் ஏதோ சரியில்லை. குளித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தபோது பிடிபட்டது. பிறந்தநாள் காலையில் ஒருவனுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இதைப் படித்தால் அவன் “பரவாயில்லடே” என்று சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டுமே அவன் தலையில். ஒன்பது வருடம் நான் சுமந்ததை வாழ்த்து என்று பேர் போட்டு இறக்கிவைக்கப் பார்க்கிறேன். போதாததற்கு, பதினான்கு வரியில் எட்டு வரி நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்றுதான் இருந்தது. துட்டி கேட்கப் போகிறவன் அந்த வீட்டில் உட்கார்ந்து சொந்தக் கதை பேசுவது மாதிரி.

அழித்தேன். அப்படியானால் “பிறந்தநாள் வாழ்த்துகள்” மட்டும் போதுமா என்றால், அதன் கதி ஏற்கனவே தெரியும். “நன்றி நண்பா.” இன்னொரு சிக்கலும் இருக்கிறது. என் எண் அவனிடம் இருக்காது. தெரியாத எண்ணிலிருந்து, பழைய சினேகிதன் என்று சொல்லிக்கொண்டு செய்தி வந்தால் இந்தக் காலத்தில் யார் நம்புவார்கள்? அடுத்த வரியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பத்தாயிரம் அனுப்பு என்று வரும். அல்லது பாலிசி, சங்கிலி வியாபாரம், பெண் கல்யாணப் பத்திரிகை. ஆக, இதை அனுப்புவது நான்தான் என்று அவனுக்கு உடனே தெரிய வேண்டும், என்னிடம் எந்தக் காரியமும் இல்லை என்றும் தெரிய வேண்டும், பதில் போட்டே ஆக வேண்டும் என்று அவனை நெருக்கும் கேள்வியும் இருக்கக் கூடாது. “ஏன் பேசறதே இல்ல?” என்பதெல்லாம் கொக்கி. கடைசியில் போனது இது:

“செந்திலு, இன்னைக்கு சூரசம்ஹாரம். காலையில ஆறரைக்கு மேனேஜர் கீழேருந்து கத்துவாரே, முப்பத்திரெண்டு, ஊர்லேருந்து போன்னு. அது ஞாபகம் வந்துது. பிறந்தநாள் வாழ்த்துகள்லே. இப்படிக்கு ஜன்னல் பக்கத்துக் கட்டில்.”

அனுப்பும் முன் அத்தை மகனுக்கும் அலுவலகத்தில் இருவருக்கும் இல்லாத ஊர்க்கதை எல்லாம் எழுதி அனுப்பினேன். ஆராய்ச்சி வேலை செய்கிறதா என்று பார்க்க இல்லை, தள்ளிப்போடத்தான். ஆனால் கை பழகியிருந்தது. 7:10க்கு அழுத்திவிட்டேன்.

ஒரு டிக். எட்டு மணிக்கும் ஒரு டிக். மதியச் சாப்பாட்டுக்கும் ஒரு டிக். ஒரு டிக் என்றால் போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாமல் இருக்கலாம், நம்மை பிளாக் செய்தும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். அவன் படமும் தெரியவில்லை, வெறும் சாம்பல் தலை. பிளாக் செய்தால் படம் தெரியாது என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. நம் எண் அவன் போனில் இல்லாவிட்டாலும் பலருக்குத் தெரியாதபடிதான் இருக்கும் என்று மூளை சொன்னது. ஆனால் என் எண் தெரியாதவன் எப்படி என்னை பிளாக் செய்வான் என்ற எளிய கேள்வி சாயங்காலம் வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலை அலுவலகத்தில் ஒருவர் போனில் திருச்செந்தூர் நேரலை பார்த்துக்கொண்டிருந்தார். யானை முகம், சிங்க முகம் எல்லாம் முடிந்து சேவலும் மாமரமும் வந்தாயிற்று. கடற்கரை முழுக்கத் தலைகள்.

ஏழே காலுக்கு இரண்டு டிக். உடனே நீலம். எழுதுகிறார் என்று காட்டியது, நின்றது, மறுபடியும் காட்டியது. இப்படி நாலு நிமிடம். அப்புறம் வந்தது:

“ஏல, ஜன்னல் பக்கத்துக் கட்டில் என்னது. நீ கதவுப் பக்கம்லா கெடந்த.”

அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் படித்தேன். இருபது வருடத்துச் சண்டை அது. முதல் வருடம் ஜன்னல் பக்கம் அவன், மழையில் சாரல் அடிக்கிறது என்று என்னோடு மாறிக்கொண்டான், வெயில் காலம் வந்ததும் திருப்பிக் கேட்டான், நான் தரவில்லை. நான் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. “கடல்கரையிலேருந்து இப்பம்தான் வெளிய வந்தேன். அங்க டவரே இல்ல.” கொஞ்சம் இடைவெளி. “அம்மா போனதுக்குப் பொறவு இன்னைக்கு யாரும் சொன்னதில்லலே.”

நான் அழித்த பதினான்கு வரிக்குள் அம்மா பெயர் ஐந்து இடத்தில் இருந்தது. அனுப்பிய நாலு வரியில் அம்மாவே இல்லை, மேனேஜர்தான் இருந்தார். அவன் அந்தப் போனின் மறுமுனையில் இருந்தவரைத் தானே பார்த்துக்கொண்டான். இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்றால் பொய். அம்மா பேச்சை எடுக்கப் பயந்துதான் மேனேஜரைப் பிடித்தேன்.

மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை அவனே கூப்பிட்டான். அப்போதுதான் நான் சொன்னேன், துட்டிக்கு வராததை. “வெள்ளம்னு தெரியாதா? ரெண்டாந்தேதி ராத்திரி நான் ஒனக்கு அடிச்சேன், போகல. மறுநாளும் போகல. பொறவு காரியம், சொந்தக்காரங்கன்னு போயிட்டு. நீ உயிரோட இருக்கேன்னு யாரோ சொன்னாவ. ஒன் வீடு முங்கினதை நான் கேக்கவே இல்லியே, அதுல எப்படிப் பேசன்னு இருந்தேன்” என்றான். எனக்கு அவன் மேல் அப்படி ஒரு குறை இருந்ததே இல்லை. அவன் அதை ஒன்பது வருடம் வைத்திருந்தான்.

அப்புறம்

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். அந்த முதல் போன் ஐம்பது நிமிடம். அடுத்தது இருபது நிமிடம், அதில் ஐந்து நிமிடம் “அப்புறம்”, “வேற என்ன”. மேன்சன் கதைகள் மொத்தமே ஒரு பன்னிரண்டு இருக்கும், ஒருமுறை சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுகின்றன. இப்போதைய செந்தில் தினமும் காலை ஐந்தரைக்குப் பூப்போட்ட காலை வணக்கம் அனுப்புகிறான். சில அரசியல் வீடியோக்களை நான் திறப்பதே இல்லை. எனக்கும் அவனைச் சலிக்கவைக்கும் வழக்கங்கள் இருக்கும், சொல்ல மாட்டான். பேச்சு தொடர்வதற்கு இப்போது காரணம் அவன் பையன். பிளஸ் டூ படிக்கிறான், சென்னையில் கல்லூரி தேட வேண்டும். பழைய கதைகளால் முடியாததை ஒரு கட்டண விவரம் செய்கிறது.

தெம்பு வந்து டிசம்பரில் இன்னொரு பழைய நண்பருக்கும் வாழ்த்து அனுப்பினேன். அவரோடு பகிர்ந்துகொள்ள எனக்கு அப்படி ஒரு நினைவும் கிடைக்கவில்லை, தேதி மட்டும்தான் தெரியும். “நன்றி ப்ரோ. சொல்லுங்க, என்ன விஷயம்?” என்று வந்தது. ஒரு விஷயமும் இல்லை என்று எழுதினேன். கட்டைவிரல் காட்டினார். அவர் மேல் தப்பில்லை.

பொங்கல் கழித்து ஜனவரிக் கடைசியில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிக்குப் போனேன். வெள்ளிக்கிழமை போய் இறங்கக் கூடாது என்று பார்த்து, ஞாயிறு காலையில் சேர்வது மாதிரி டிக்கெட் போட்டேன். ஒன்பது வருடம் கழித்துக் கிழமை பார்க்கிறாயா என்று மனைவி கேட்டாள். இன்னொரு குழப்பமும் இருந்தது. துட்டிக்குப் பலகாரம் கொண்டுபோக மாட்டோம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடும் போக முடியாது. ஒரு கிலோ ஸ்வீட் டப்பாவைப் பையில் அடியில் வைத்துக்கொண்டு போய், அவன் வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பையை விட்டுவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தில் அம்மா படம். மாலை, சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. செந்தில் வழுக்கையாகிவிட்டான். வா என்றுகூடச் சொல்லவில்லை. துட்டிக்கு வந்தவரை வா என்று கேட்பதில்லை, அவனுக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்திருக்கிறது. படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். அவனும் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அம்மாவுக்கு என்ன செய்தது என்று கேட்டேன். ராத்திரி நெஞ்சு வலி என்றது, திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்தது, கடைசி வருடம் சஷ்டி விரதம் இருக்க வேண்டாம் என்று அக்கா தடுத்தும் இருந்தது எல்லாம் நிதானமாகச் சொன்னான். அவன் மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம் அவன் எழுந்து வாசலுக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். “பிள்ளைகளுக்கா? குடு. நாய் இழுத்துட்டுப் போயிரும்” என்றான்.

மத்தியானம் சாப்பாடு, பையனோடு கல்லூரிப் பேச்சு, சாயங்காலம் துறைமுகம் பக்கம் ஒரு நடை. ரயிலுக்கு நேரமானதும் பையை எடுத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டினேன். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போயிட்டு வாறேன் என்று சொல்லக் கூடாது. கேட்வரை போய்விட்டேன்.

“ஏல,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “சொல்லிட்டுப் போ.”